நான்காவது எபிசோடில் ஏன் எழுந்து போனார்கள்?

இரவு பத்து மணிக்கு ஒருவர் யூடியூபில் ஒரு நேர்காணல் தொடரைப் பார்க்கிறார். விருந்தினரின் குரல் கேட்கவில்லை என்று வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றுகிறார். ஒரு நிமிடம் கழித்து டைட்டில் இசை வந்து வீட்டையே எழுப்புகிறது. அவர் வால்யூமைக் குறைக்கலாம், வீடியோவை மூடிவிட்டு வேறு எதையாவது தட்டலாம், அல்லது பொறுத்துக்கொண்டு தொடரலாம். தொடரை எடுத்தவர்களுக்கு இந்த மூன்றில் மூடிவிட்டுப் போனது மட்டும்தான் தெரியும், அதுவும் ஒரு வரைபடத்தின் சரிவாக. ஏன் போனார் என்று அந்த வரைபடம் சொல்லாது.

சத்தம் சீராக இல்லாததால்தான் போனாரா என்பதைக் கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். அதற்கு முதலில் சத்தத்தை அளக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலான தொடர்கள் அங்கேயே வழுக்கிவிடுகின்றன.

எடிட்டிங் மென்பொருளில் பச்சை, மஞ்சள், சிவப்பாக ஏறி இறங்கும் மீட்டரைப் பார்த்திருப்பீர்கள். அது காட்டுவது ‘பீக்’, அதாவது அந்தந்தக் கணத்தில் ஒலி அலை தொட்ட உச்சம். சிவப்பைத் தொட்டால் ஒலி உடைந்து கரகரக்கும் என்று எச்சரிப்பதே அதன் வேலை. காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்பது அதற்குத் தெரியாது. மேசையை ஒரு தட்டு தட்டினால் பீக் உச்சத்துக்குப் போகும், காதுக்கு அது ஒரு ‘டொக்’ மட்டுமே. நன்றாக இறுக்கி மிக்ஸ் செய்த ஒரு பாட்டு அதே உச்சத்தை ஒட்டியே முழுக்க ஓடும், அது காதைத் துளைக்கும். மீட்டரில் இரண்டுக்கும் ஒரே எண் வரும். தொலைக்காட்சி விளம்பரங்கள் பல ஆண்டுகள் இந்தச் சந்துக்குள் புகுந்துதான் கத்தின. அனுமதித்த பீக் எல்லையைத் தாண்டாமலே நிகழ்ச்சியைவிடப் பலமடங்கு உரக்கக் கேட்டன. பார்வையாளர்களின் புகார்கள் கடைசியில் அமெரிக்க நாடாளுமன்றம் வரை போய், விளம்பரச் சத்தத்தைக் கட்டுப்படுத்த 2010 டிசம்பரில் ஒரு சட்டமே வந்தது.

சட்டம் வர முடிந்ததற்குக் காரணம், அதற்குள் ஒரு நல்ல அளவுகோல் கிடைத்திருந்தது. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-இல் ஒரு கணக்கு முறையை வெளியிட்டது. அதன் அலகை ஒலிக்கலைஞர்கள் ‘லஃப்ஸ்’ என்று சொல்கிறார்கள். பூஜ்யம் டிஜிட்டல் ஒலியின் கூரையைக் குறிக்கும். அதற்குக் கீழே எவ்வளவு என்பதால் எல்லா எண்களும் மைனஸில் வரும், மைனஸ் 14 மைனஸ் 22-ஐவிடச் சத்தம் அதிகம். ஒரு லஃப்ஸ் வித்தியாசமும் ஒரு டெசிபல் வித்தியாசமும் ஒன்றே. ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் கூர்ந்து கேட்டால்தான் உணர முடியும். பத்து டெசிபல் ஏறினால் காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றும்.

இந்தக் கணக்கு இரண்டு காரியங்களைக் காதைப் போலச் செய்கிறது. அடித்தொண்டை உறுமலைக் குறைத்தும், பேச்சின் மெய்யெழுத்துகள் கூர்மையாகக் கேட்கும் உயர் அலைகளைச் சற்றுக் கூட்டியும் எடைபோடுகிறது, ஏனென்றால் நம் காதும் அப்படித்தான் கேட்கிறது. அடுத்து, சராசரி எடுக்கும்போது மௌனங்களை ஒதுக்கிவிடுகிறது. வகுப்பின் சராசரி மதிப்பெண் போடும்போது தேர்வுக்கு வராத மாணவனுக்குப் பூஜ்யம் போட்டுச் சேர்க்க மாட்டோம் அல்லவா? அதேபோல 0.4 விநாடித் துண்டுகளாக ஒலியை நறுக்கி, அவற்றில் மைனஸ் 70-க்கும் கீழே கிடப்பவற்றை முதலில் தள்ளுகிறது. பிறகு, மிஞ்சியதன் சராசரியைவிடப் பத்துக்கு மேல் தாழ்ந்திருப்பவற்றையும் தள்ளுகிறது. கடைசியில் எஞ்சுவது ஒரே எண். முழு எபிசோடின் சத்த அளவு அதுதான்.

இதை அளக்கக் காசு செலவில்லை. ‘எஃப்எஃப்எம்பெக்’ என்ற இலவச மென்பொருளில் ஒரு வரி போதும்:

```
ffmpeg -i ep04.mp4 -vn -af ebur128=peak=true -f null -
```

திரையில் எண்கள் மளமளவென்று ஓடி முடிந்ததும் அடியில் ஒரு சுருக்கம் வரும். அதில் நமக்கு வேண்டியவை இந்த இரண்டு வரிகள்:

```
I:         -22.4 LUFS
Peak:       -1.0 dBFS
```

முதல் வரி முழு எபிசோடின் சத்தம், இரண்டாவது உச்சம். தொடரின் எல்லா எபிசோடுகளையும் இப்படி அளந்து ஒரு தாளில் எழுதிவைத்தாலே பாதிக் கதை வெளியே வந்துவிடும்.

கணக்கு புரிவதற்காக ஒரு தொடரைக் கற்பனையாகக் கட்டிக்கொள்வோம். ஊர் ஊராகப் போய் மனிதர்களைப் பேசவைக்கும் எட்டு எபிசோடுகள், ஒவ்வொன்றும் 20 நிமிடம். முதல் எபிசோட் மைனஸ் 17.1. இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு, எட்டு எல்லாம் மைனஸ் 15.5-க்கும் 16.4-க்கும் இடையில் கிடக்கின்றன. நான்காவது மைனஸ் 22.4, ஆறாவது மைனஸ் 12.1. ஒரே தொடருக்குள் பத்து டெசிபல் இடைவெளி.

“யூடியூபே சரிசெய்துவிடுமே” என்று பலர் சொல்வார்கள். பாதி சரி. யூடியூப் மைனஸ் 14-ஐச் சுற்றி ஓர் எல்லை வைத்திருக்கிறது. அதைத் தாண்டும் வீடியோவை ஓடவிடும்போது குறைத்துவிடுகிறது. எல்லைக்குக் கீழே கிடப்பதைப் பொதுவாக அது தூக்கிவிடுவதில்லை. கணினியில் வீடியோவின் மேல் வலது சொடுக்கி `Stats for nerds` என்பதைத் திறந்தால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். நம் ஆறாவது எபிசோடுக்கு அங்கே `100% / 80% (content loudness 1.9dB)` என்று வரும். எல்லையைவிட 1.9 டெசிபல் கூடுதல், அதனால் 80 சதவீதத்துக்குக் குறைத்துவிட்டோம் என்று பொருள். நான்காவதில் `100% / 100% (content loudness -8.4dB)` என்றிருக்கும். 8.4 குறைவு என்று யூடியூபுக்குத் தெரிகிறது, ஆனால் அது ஒன்றும் செய்யவில்லை.

நான்காவது ஏன் இவ்வளவு தாழ்ந்தது? இத்தகைய எபிசோடை ஹெட்ஃபோனில் கேட்டால் பல நேரம் காரணம் உடனே பிடிபடும்: குரல் இடது காதில் மட்டும் வருகிறது. காலர் மைக் கேமராவின் ஒரே சேனலில் பதிவாகி, வலது சேனல் வெறுமையாகவே விடப்பட்டிருக்கும். அளவுகோல் இரண்டு சேனல்களின் ஆற்றலையும் கூட்டிப் பார்க்கிறது. ஒன்று காலியானால் ஆற்றல் பாதி, எண்ணில் 3 குறைகிறது. வலது காதில் மட்டும் இயர்பட் வைத்துப் பேருந்தில் பார்க்கிறவருக்கு விருந்தினர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். இடது சேனலை வலதுக்கும் நகலெடுத்தால் அந்த 3 திரும்பக் கிடைத்துவிடும். எடிட்டில் ஒரு நிமிட வேலை.

ஆறாவதில் சிக்கல் வேறு. திருவிழா எபிசோட், பாதி நேரம் பறையும் தவிலும். இந்த எபிசோடுதான் தொடரிலேயே சத்தமானது என்று முழு எபிசோட் எண் சொல்கிறது. ஆனால் பேச்சு வரும் இடத்தை மட்டும் வெட்டி அளந்தால் மைனஸ் 16.5 வருகிறது, மற்ற எபிசோடுகளின் பேச்சை ஒத்த அளவு. மைனஸ் 10-இல் முழங்கும் மேளம்தான் சராசரியை மேலே இழுத்திருக்கிறது. யூடியூப் முழு எபிசோட் எண்ணைப் பார்த்து 1.9 குறைக்கும்போது மேளத்தோடு பேச்சும் சேர்ந்தே குறைகிறது. விளைவாக, தொடரின் ‘மிகச் சத்தமான’ எபிசோடில் பேச்சு மைனஸ் 18.4-இல் ஒலிக்கிறது. நான்காவதை விட்டால் பேச்சு மிகத் தாழ்ந்த எபிசோட் இதுதான்.

அதனால் முழு எபிசோட் எண்ணை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது என்பது என் கட்சி. பார்ப்பவர் வால்யூமை வைத்துக்கொள்வது பேச்சைக் கேட்டு. இசை, மேளம், கைதட்டல் எல்லாம் அதற்கு மேல் எவ்வளவு எகிறுகிறது என்பதே அவரைத் தொந்தரவு செய்கிறது. நெட்ஃபிளிக்ஸும் தனக்கு வரும் படங்களில் பேச்சு வரும் பகுதியை மையமாக வைத்தே அளக்கச் சொல்கிறது. அங்கே இலக்கு மைனஸ் 27. நம் வேலைக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஒவ்வொரு எபிசோடிலும் இசை இல்லாமல் பேச்சு மட்டும் ஓடும் இரண்டு நிமிடத்தைத் தேர்ந்து, அதை மட்டும் அளந்தால் போதும்:

```
ffmpeg -ss 300 -t 120 -i ep04.mp4 -vn -af ebur128 -f null -
```

300-ஆவது விநாடியில் தொடங்கி 120 விநாடி அளந்து சொல் என்பது இதன் பொருள். நான்காவதில் இது மைனஸ் 23.2 காட்டுகிறது. டைட்டில் இசை எல்லா எபிசோடிலும் ஒரே கோப்பு, அதன் அளவு மைனஸ் 13. மற்றவற்றில் பேச்சிலிருந்து இசைக்குப் போகும்போது 3 டெசிபல் ஏறுகிறது. நான்காவதில் பத்து.

இலக்கு எண் எது என்பதில் எடிட்டர்களுக்குள் ஓயாத சண்டை. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010-இல் தொலைக்காட்சிக்கு மைனஸ் 23 என்று வைத்தது. ஆப்பிள் பாட்காஸ்டுக்கு மைனஸ் 16, ஒன்று கூடலாம் அல்லது குறையலாம் என்று பரிந்துரைக்கிறது. யூடியூபில் ஏற்றுகிறவர்கள் மைனஸ் 14 என்று மந்திரம்போல் சொல்வார்கள். அது யூடியூப் குறைக்கத் தொடங்கும் எல்லை, ‘இங்கே வந்தே ஆக வேண்டும்’ என்ற விதி அல்ல. பேச்சை மைனஸ் 14 வரை ஏற்ற வேண்டுமானால் சிரிப்பையும் உரத்த சொல்லையும் நன்றாகத் தட்டி அமுக்க வேண்டியிருக்கும், கேட்கக் களைப்பாக இருக்கும். பேச்சுத் தொடருக்கு நான் மைனஸ் 16-ஐத்தான் தேர்வேன். ஃபோன் ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்க அது போதும், அதே ஒலியைப் பாட்காஸ்டாகவும் விடலாம். எந்த எண் என்பதைவிட எட்டு எபிசோடும் அதைச் சுற்றி ஒரு டெசிபலுக்குள் நிற்பது எனக்கு முக்கியம்.

ஏற்றுவதில் ஒரு தடை உண்டு. நான்காவது எபிசோடில் சேனலைச் சரிசெய்த பிறகு பேச்சு மைனஸ் 20.2. இலக்குக்கு இன்னும் 4.2 ஏற்ற வேண்டும். ஆனால் விருந்தினர் வாய்விட்டுச் சிரித்த ஓரிடத்தில் உச்சம் ஏற்கெனவே மைனஸ் 2.5-இல் நிற்கிறது. 4.2 ஏற்றினால் அது பூஜ்யத்தைத் தாண்டிப் பிளஸ் 1.7 ஆகும், அங்கே ஒலி உடையும். எனவே உச்சத்தை மைனஸ் 1-இல் பிடித்து நிறுத்தும் ‘லிமிட்டர்’ ஒன்றைப் போட வேண்டும். அது அந்தச் சிரிப்பில் மட்டும் 2.7 டெசிபலை வெட்டும், யாருக்கும் தெரியாது. இதுவே பத்துப் பன்னிரண்டு டெசிபல் வெட்ட வேண்டி வந்தால் குரல் தட்டையாகி, வானொலி விளம்பரம்போல் ஆகிவிடும். அப்போது மைக் வைத்த இடத்தைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் தொகுப்பாளர் குரலும் விருந்தினர் குரலும் ஒன்றுக்கொன்று சமமாக வேண்டும், அடுத்து இசை பேச்சின் அளவுக்கு இறங்க வேண்டும், கடைசியில்தான் முழு எபிசோடையும் இலக்குக்கு நகர்த்த வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: ஒரே பொத்தானில் முழுக்கோப்பையும் ‘நார்மலைஸ்’ செய்துவிடுகிறார்கள். எஃப்எஃப்எம்பெக்கின் `loudnorm` என்ற வடிப்பானை ஒரே சுற்றில் ஓட்டினால், அது போகிற போக்கில் தாழ்ந்த இடங்களைத் தூக்கிக்கொண்டே போகும். விருந்தினர் யோசித்து நிறுத்தும் இடத்திலெல்லாம் மேலே சுற்றும் ஃபேன் மெல்ல எழுந்து வரும், அவர் பேசத் தொடங்கியதும் அமுங்கும். கேட்டாலே கண்டுபிடித்துவிடலாம். முதல் சுற்றில் அளந்து, அந்த எண்களை இரண்டாம் சுற்றில் கொடுத்து, `linear=true` என்று சேர்த்தால் முழுக்கோப்பையும் ஒரே அளவாக ஏற்ற முயலும். உச்சத்துக்கு இடமில்லாவிட்டால் சொல்லாமல் கொள்ளாமல் பழைய முறைக்கே திரும்பிவிடும். அதனால் முடிவில் வரும் அறிக்கையில் `Normalization Type` என்ற வரியைப் பார்க்காமல் கோப்பை ஏற்றாதீர்கள்.

சரி, பார்வையாளர்கள் இதனால்தான் போனார்களா?

யூடியூப் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஒரு தக்கவைப்பு வரைபடம் தருகிறது, எத்தனை சதவீதம் பேர் எந்த நொடி வரை இருந்தார்கள் என்று. அதன் அனலிட்டிக்ஸ் ஏ.பி.ஐ. வழியாக எடுத்தால் ஒரு வீடியோவுக்கு நூறு புள்ளிகள் கிடைக்கும். 20 நிமிட எபிசோடில் ஒரு புள்ளிக்கு 12 விநாடி. இதற்கு மேல் நுணுக்கமாக எதையும் பார்க்க முடியாது. இரண்டு விநாடி அலறிய ஓரிடம் தனியாகத் தெரியாது.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் சோதனை, எபிசோடுகளின் சத்த எண்ணை ஒரு பக்கமும் சராசரி பார்வை நேரத்தை மறுபக்கமும் எழுதி ஒப்பிடுவது. அதில் நம்பிக்கை வைக்க மாட்டேன். எட்டே எபிசோடுகள், ஒவ்வொன்றிலும் வேறு விருந்தினர், வேறு தலைப்பு, வேறு முகப்புப் படம். ஒன்று தேடலில் வந்தவர்களால் நிரம்பியிருக்கும், இன்னொன்று சந்தாதாரர்களால். நான்காவது எபிசோடின் எண் தாழ்ந்திருக்கிறது, பார்வை நேரமும் தாழ்ந்திருக்கிறது என்பதால் ஒன்று மற்றதைக் கொண்டுவந்தது என்று ஆகிவிடாது. அந்த விருந்தினர் சுவாரசியமில்லாதவராகவும் இருந்திருக்கலாம்.

எபிசோடுக்குள்ளேயே பார்ப்பது இதைவிட நல்லது, ஏனென்றால் அங்கே விருந்தினரும் தலைப்பும் மாறுவதில்லை. முன்பு சொன்ன கட்டளை ஓடும்போது திரையில் விரையும் எண்களில் `S:` என்று ஒன்று இருக்கும். அது கடைசி மூன்று விநாடியின் சத்தம். அதை 12 விநாடிக் கட்டங்களாகத் தொகுத்து, ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குள் 6 டெசிபலுக்கு மேல் எகிறும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். (சுருக்கத்தில் `LRA` என்று ஏற்ற இறக்கத்துக்கு ஓர் எண் வருமே, அது போதாதா என்று கேட்கலாம். அது மிகச் சத்தமான ஐந்து சதவீதத்தை ஒதுக்கிவிட்டுக் கணக்கிடுகிறது. 20 நிமிடத்தில் மொத்தம் 25 விநாடியே வரும் இசை அதன் கண்ணில் படாது.)

நான்காவது எபிசோடில் அப்படி மூன்று இடங்கள்: முதல் நிமிடத்தில் டைட்டில், எட்டாவது, பதினான்காவது நிமிடங்களில் வரும் ஐந்து விநாடி இடைவேளை இசை. டைட்டில் வந்த கட்டத்திலும் அடுத்ததிலுமாகப் பார்வையாளர்களில் 7 சதவீதப் புள்ளிகள் கழன்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இதைப் பார்த்ததும் “பிடித்துவிட்டோம்” என்று குதிக்கத் தோன்றும். பொறுங்கள். டைட்டில் ஓடும்போது எந்த எபிசோடிலும் ஆட்கள் போவார்கள். இடைவேளை இசை என்பதே ‘ஒரு பகுதி முடிந்தது’ என்ற அறிவிப்பு, எழுந்து போக வாகான இடம். சத்தம் எவ்வளவு இருந்தாலும் அங்கே ஒரு சரிவு இருக்கத்தான் செய்யும்.

இங்கே தொடராக இருப்பது கைகொடுக்கிறது. மற்ற ஏழு எபிசோடுகளிலும் அதே இசை மூன்று மூன்று முறை வருகிறது, ஆக 21 இடங்கள். அவற்றில் எகிறல் 3 டெசிபல்தான். அங்கேயும் சரிவை அளந்து பார்க்கிறோம்: டைட்டிலில் 2 புள்ளி, இடைவேளைகளில் ஒன்றுக்கும் குறைவு. நான்காவதில் டைட்டிலில் 7, இடைவேளைகளில் 3-உம் இரண்டரையும். அந்தந்த இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள வழக்கமான தேய்மானத்தைக் கழித்தபின்னும் வித்தியாசம் நிற்கிறது. மூன்று இடங்கள் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் மூன்றும் ஒரே திசையில், அதே இசை வரும் மற்ற எல்லா இடங்களையும்விட ஆழமாகச் சரிந்திருக்கின்றன. எகிறல் துரத்தியது என்று சொல்ல இது எனக்குப் போதும்.

ஆறாவது எபிசோட் எதிர்ச்சாட்சி சொல்கிறது. பேச்சு முடிந்து மேளம் தொடங்கும் இடத்தில் 6.5 டெசிபல் எகிறல். வரைபடம் அங்கே சரியவில்லை, மேலே ஏறுகிறது. மேளம் கேட்க வந்தவர்கள் பேச்சைத் தாண்டி நேரே அங்கே குதித்திருக்கிறார்கள், சிலர் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். எதிர்பார்த்து வரும் சத்தமும் எதிர்பாராமல் வரும் சத்தமும் மீட்டரில் ஒன்றுதான், காதில் அல்ல. எகிறும் இடங்களை எல்லாம் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுக்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தொலைத்துவிடுகிறார்கள்.

தாழ்ந்த குரலுக்கு இந்த முறை உதவாது, ஏனென்றால் அதற்கு ஒரு குறிப்பிட்ட நொடி கிடையாது. கேட்கவில்லை என்றவுடன் யாரும் ஓடிவிடுவதில்லை. வால்யூமைக் கூட்டுகிறார்கள், ஃபோனைக் காதருகே கொண்டுபோகிறார்கள், பத்து விநாடி பின்னால் தள்ளி இன்னொரு முறை கேட்கிறார்கள், பிறகு சலிக்கிறார்கள். பின்னால் தள்ளிக் கேட்பது வரைபடத்தில் சின்ன மேடாகத் தெரியும், ஏனென்றால் அந்தப் புள்ளிகள் மறுபார்வையையும் சேர்த்தே எண்ணுகின்றன. மேட்டைப் பார்த்து ‘இந்த இடம் ரசிக்கப்பட்டிருக்கிறது’ என்று மகிழும் முன் அந்த இடத்தைப் போட்டுக் கேளுங்கள். விருந்தினர் தலையைத் திருப்பி முணுமுணுத்திருப்பார்.

இன்னொரு தடயம் சாதனம். ஃபோனில் தெருவிலும் பேருந்திலும் பார்க்கிறவருக்கு வால்யூம் சீக்கிரமே முழுதாகிவிடும், அதற்கு மேல் ஏற்ற வழியில்லை. வீட்டு டி.வி.யில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும். குரல் தாழ்வுதான் காரணமானால் ஃபோன் பார்வையாளர்கள் அதிகமாகவும் டி.வி. பார்வையாளர்கள் கொஞ்சமாகவும் விலக வேண்டும். விருந்தினர்தான் அலுப்பு என்றால் இரண்டிலும் ஒரே மாதிரி குறைய வேண்டும். சாதன வாரியான சராசரிப் பார்வை நேரம் யூடியூப் ஸ்டுடியோவிலேயே கிடைக்கும். நம் தொடரில் ஃபோனில் வழக்கமாக 8 நிமிடம் பார்ப்பவர்கள் நான்காவதில் ஐந்தரையோடு நின்றிருக்கிறார்கள், டி.வி.யில் 12 நிமிடம் 9 ஆகியிருக்கிறது என்று வைப்போம். ஃபோனில் குறைவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, டி.வி.யில் கால் பங்கு. நம் எதிர்பார்ப்புப்படி ஃபோனில் கூடுதலாகத்தான் இருக்கிறது, ஆனால் சொற்ப வித்தியாசம். டி.வி.யில் கால் பங்கு பேரைத் துரத்தியதைத் தாழ்ந்த குரலின் கணக்கில் எழுதினால் அது நேர்மையாகாது. அந்த எபிசோடின் ஏழாவது நிமிடத்தில் விருந்தினர் தன் வேலை மாறுதல்களை வரிசையாகச் சொல்லத் தொடங்குகிறார். இரண்டு சாதனங்களிலும் ஆட்களைக் கலைத்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

இந்தக் கணக்கு முழுவதையும் கலங்கடிக்கக்கூடிய ஒன்று இடையில் வந்திருக்கிறது. 2023-இல் யூடியூப் `Stable volume` என்ற வசதியைக் கொண்டுவந்தது. வீடியோ ஓடும்போதே சத்தமான இடத்தைத் தணித்து, தாழ்ந்த இடத்தைத் தூக்கிச் சமன்செய்கிறது. அது இயங்கும் ஃபோனில் பார்ப்பவர் கேட்கும் எகிறல், நாம் கோப்பில் அளந்த பத்து டெசிபலைவிடக் குறைவு. எத்தனை பேருக்கு அது இயங்கியது என்று அறிக்கையில் வராது. ஆகவே சத்தத்துக்கும் சரிவுக்கும் தொடர்பு தெரிந்தால், அதைக் கேட்டவர்கள் ஒரு பகுதியினர்தான் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தொடர்பு தெரியவில்லை என்றால், எகிறல் தீங்கற்றது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நான்காவது எபிசோடை இனி என்ன செய்யலாம்? யூடியூபில் ஏற்றிய வீடியோவின் கோப்பை மாற்ற முடியாது. திருத்தியதைப் புதிய முகவரியில்தான் ஏற்ற வேண்டும், பார்வைக் கணக்கும் பின்னூட்டங்களும் பழையதோடு போய்விடும். ஆனால் அதன் எடிட்டருக்குள் ஒரு துண்டை வெட்டி எடுக்கலாம், முகவரி மாறாது. டைட்டில் இசையின் அந்த 15 விநாடியை மட்டும் வெட்டிவிட்டு, வெட்டிய தேதிக்குப் பிறகு வந்தவர்களின் வரைபடத்தைத் தனியாக எடுத்துப் பார்த்தால், அந்த 7 புள்ளியில் எவ்வளவு இசையின் எகிறலுக்குச் சொந்தம், எவ்வளவு முதல் நிமிடத்தில் எப்படியும் போகிறவர்கள் என்பது பிரிந்து தெரியும். வெட்டியபின் அங்கே 2 மட்டும் சரிந்தால் 5 எகிறலுடையது. 5 சரிந்தால், இவ்வளவு நேரம் போட்ட கணக்கில் பாதியை அடித்துவிட்டு, டைட்டிலுக்கு முன் வரும் முன்னோட்டத்தை எடுத்துப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.